நாட்காட்டியின் சிவப்பு நாட்களும் சட்டம் தரும் 11 நாட்களும்

கேள்வி: மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் இரண்டரை ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். தினமும் ஏழரை மணி நேரம், வாரத்தில் 6 நாள் வேலை; ஞாயிறு ஓய்வு. தலைமை அலுவலகம் கோலாலம்பூரில் இருக்கிறது. கேன்டீன் சுவரில் 2026ஆம் ஆண்டுக்கு 11 விடுமுறை என்று ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதில் கூட்டரசுப் பிரதேச தினமும் வெசாக் தினமும் இருக்கின்றன. சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாளும் தீபாவளியும் இல்லை. நாட்காட்டியில் சிவப்பாக இருக்கும் பல நாட்களில் எங்களுக்கு வேலை உண்டு. சென்ற ஆண்டு செப்டம்பர் 16 அன்று ஒன்பதரை மணி நேரம் வேலை செய்தேன். கூடுதலாக 65 ரிங்கிட் 38 சென் மட்டுமே வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அவ்வளவுதான் என்கிறார் மேற்பார்வையாளர். சட்டப்படி எனக்கு உரிய நாட்கள் எவை என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

மேற்பார்வையாளர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது தவறு. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் தனியார் துறை வேலையை நெறிப்படுத்துவது 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம். பொது விடுமுறை பற்றிப் பேசும் அதன் 60-டி பிரிவு 'ஒவ்வொரு தொழிலாளிக்கும்' என்றுதான் தொடங்குகிறது. உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற பாகுபாடு அந்தப் பிரிவில் எங்கும் கிடையாது. செல்லுபடியாகும் பெர்மிட்டுடன் ஒரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தத்தின் கீழ் இருக்கும் உங்களுக்கு, உங்கள் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் உள்ளூர்த் தொழிலாளிக்குக் கிடைக்கும் அதே விடுமுறைகள் உண்டு. வீட்டு வேலை செய்பவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி பொருந்தாது. அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் இருப்பதால், அங்கே வேலை செய்யும் வாசகர்கள் நான் கீழே சொல்லும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த விஷயத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை, நாட்காட்டியைக் கீழே வைத்துவிட்டு, நம் வேலையின் மீது எந்தச் சட்டம் செல்லும் என்று பார்ப்பதுதான். நாட்காட்டி அச்சிடுபவர் அரசு அலுவலகங்களும் வங்கிகளும் பள்ளிகளும் மூடும் நாட்களையெல்லாம் சிவப்பாக்கிவிடுகிறார். தனியார் முதலாளி எந்த நாட்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தர வேண்டும் என்பது வேறு பட்டியல். சிங்கப்பூரில் இந்த இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அரசிதழில் அறிவிக்கப்படும் 11 நாட்களும் அங்குள்ள வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வருவோருக்கு உரியவை. ஹாங்காங்கில் பொது விடுமுறைப் பட்டியல் ஒன்று, தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கும் பட்டியல் இன்னொன்று. இரண்டாவது சிறியது, அது 2022 முதல் சில ஆண்டுகளுக்கு ஒரு நாளாகக் கூடிவருகிறது. மலேசியாவின் வழி இந்த இரண்டிலிருந்தும் மாறுபட்டது. இங்கே அரசிதழில் வரும் நாட்கள் கூட்டரசு அளவிலும் மாநில அளவிலும் சேர்ந்து 11ஐவிட நன்றாகவே கூடுதல். அவற்றிலிருந்து 11 நாட்களைத்தான் சட்டம் உங்களுக்கு உறுதிசெய்கிறது. ஆகவே சிவப்பு நாளில் வேலை வைத்தார்கள் என்பதாலேயே சட்டம் மீறப்பட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்த நாள் உங்கள் 11க்குள் வருகிறதா என்பதுதான் கேள்வி.

அந்த 11 நாட்களும் ஒரே தன்மை கொண்டவை அல்ல. 5 நாட்களைச் சட்டமே பெயர் சொல்லிக் குறித்துவிட்டது. அவற்றில் முதலாளிக்குத் தேர்வு கிடையாது. தேசிய தினம், யாங் டி பெர்துவான் அகோங் எனப்படும் மாமன்னரின் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம் ஆகிய நான்கும் எல்லோருக்கும் பொது. ஐந்தாவது, நீங்கள் வேலை செய்யும் மாநிலத்தின் சுல்தான் அல்லது ஆளுநரின் பிறந்தநாள். கோலாலம்பூர் போன்ற கூட்டரசுப் பிரதேசத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் அதற்குப் பதிலாகக் கூட்டரசுப் பிரதேச தினம். மீதமுள்ள 6 நாட்களை அரசிதழில் வந்த மற்ற விடுமுறைகளிலிருந்து முதலாளி தேர்ந்தெடுக்கலாம். ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை அந்த ஆண்டு பிறப்பதற்கு முன்பே வேலையிடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி அறிவிப்பாக ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. உங்கள் கேன்டீன் சுவரில் இருக்கும் தாள் அந்த அறிவிப்புதான். அது நிர்வாகம் மரியாதைக்காக ஒட்டிய தகவல் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் 6 நாட்களுக்கான ஆதாரமே அதுதான். இன்றே அதை முழுதாகவும் தெளிவாகவும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டின் நடுவில் தாள் மாறிவிடுகிற இடங்களையும், நவம்பரில் புதிய தாள் ஒன்று ஒட்டப்பட்டு 'இதுதான் ஜனவரியிலிருந்தே இருந்தது' என்று சொல்லப்பட்ட இடங்களையும் இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் தேதியுடன் எடுத்த ஒரு படம் வாதத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டது.

இப்போது உங்கள் தாளைப் பார்ப்போம். அதில் கூட்டரசுப் பிரதேச தினம் இருப்பதும் சுல்தான் பிறந்தநாள் இல்லாததும், அந்தத் தாள் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்காகத் தயாரிக்கப்பட்டு, எல்லாக் கிளைகளுக்கும் அப்படியே அனுப்பப்பட்டது என்பதைக் காட்டுகிறது. இது பல நிறுவனங்களில் நடக்கும் தவறு. பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை, கவனக் குறைவால் நடக்கிறது. ஆனால் சட்டம் இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கிறது: ஒப்பந்தப்படி தொழிலாளி 'முழுவதுமாகவோ பெரும்பாலுமோ' எந்த மாநிலத்தில் வேலை செய்கிறாரோ அந்த மாநிலத்தின் ஆட்சியாளர் பிறந்தநாள்தான் அவருக்கு உரியது. நிறுவனம் எங்கே பதிவு செய்யப்பட்டது, சம்பளம் எந்த ஊரிலிருந்து வருகிறது, பெர்மிட்டில் எந்த முகவரி உள்ளது என்பவையெல்லாம் இதற்குப் பொருட்டல்ல. நீங்கள் நிற்கும் தொழிற்சாலை சிலாங்கூரில் இருக்கிறது. சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாள் விடுமுறை டிசம்பர் 11. 2026இல் அது வெள்ளிக்கிழமை. அந்த நாள் தாளில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்களுடையது. கூட்டரசுப் பிரதேச தினம் சிலாங்கூரில் அரசிதழ் விடுமுறை அல்ல என்பதால், அதைக் காட்டி 11 என்ற கணக்கை நிரப்பிவிட்டதாக நிறுவனம் சொல்ல முடியாது.

தீபாவளியைப் பற்றி நான் உங்களுக்கு இனிப்பான பதிலைத் தர முடியவில்லை. சரவாக் தவிர நாடு முழுவதும் அது அரசிதழ் விடுமுறைதான். ஆனால் சட்டம் பெயர் சொன்ன ஐந்தில் அது இல்லை. ஆறில் ஒன்றாக முதலாளி அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே உங்களுக்கு உரிமையாகும். தேர்ந்தெடுக்கவில்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அது மற்றொரு வேலை நாள். அன்றைக்கு வராமல் இருந்துவிட்டு, பண்டிகை என்று பின்னால் சொல்வது உங்களைத்தான் சிக்கலில் மாட்டும்.

என்றாலும் இதற்குச் சட்டமே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த 6 நாட்களில் ஒன்றுக்கோ பலவற்றுக்கோ பதிலாக வேறு நாளை, முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒப்பந்தம் தொழிற்சாலை முழுவதற்கும் சேர்த்து நடக்க வேண்டும் என்பதில்லை. ஒரு தனித் தொழிலாளியும் முதலாளியும் செய்துகொண்டாலே போதும். உங்கள் தாளில் உள்ள வெசாக் தினத்துக்குப் பதிலாகத் தீபாவளியைக் கேளுங்கள். நிறுவனத்துக்கு இதனால் ஒரு நாள் சம்பளம்கூட அதிகமாகாது. வெசாக் விடுமுறையில் ஆள் தேவைப்படும் இயந்திரங்களுக்கு ஆள் கிடைக்கும் என்பதால் பல மனிதவள அதிகாரிகள் இதை வரவேற்பார்கள். கேட்பதை வாய்மொழியாக வைக்காமல், மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாகக் கேட்டு, எழுத்தாகவே பதில் பெறுங்கள். வெசாக் கழிந்த பிறகு கேட்டால் மாற்றுவதற்கு நாள் இருக்காது. அப்போதும் ஆறில் இன்னும் வராத வேறொரு நாள் இருந்தால் அதை முன்வைக்கலாம். எதுவுமே மிச்சமில்லை என்றால் உங்கள் ஆண்டு விடுப்பிலிருந்து ஒரு நாளைக் கேட்க வேண்டியதுதான். இரண்டு ஆண்டு முடித்துவிட்ட உங்களுக்கு அது ஆண்டுக்கு 12 நாள்.

இதே மாற்று ஏற்பாட்டை முதலாளி தன் பக்கத்திலிருந்து பயன்படுத்தும்போது நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். 'செப்டம்பர் 16க்குப் பதிலாக வேறொரு நாள் எடுத்துக்கொள்' என்று சொல்வதற்கு அவருக்கு இந்த விதியில் இடமில்லை, ஏனென்றால் மாற்றிக்கொள்ளும் வசதி 6 நாட்களுக்கு மட்டும் உரியது. பெயர் சொன்ன 5 நாட்களுக்கு இல்லை. அந்த 6 நாட்களிலும் உங்கள் சம்மதம் வேண்டும். சம்மதம் என்று கையெழுத்து வாங்கும் தாள் உங்களுக்குப் புரியாத மொழியில் இருந்தால், புரிந்தவரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

11க்கு வெளியேயும் சில நாட்கள் வரும். 1951ஆம் ஆண்டின் விடுமுறை நாள் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி அரசு ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கென்று தனியாக ஒரு நாளை விடுமுறையாக அறிவித்தால், அதுவும் உங்களுக்கு உரியது. 2025இல் மலேசியா தினத்துக்கு முந்தைய நாளான செப்டம்பர் 15 அப்படி வந்ததுதான். இந்த வகை நாளை மட்டும் உங்கள் சம்மதம் கேட்காமலேயே முதலாளி வேறு நாளுக்கு மாற்றித் தரலாம். இதே சட்டத்தின் 9ஆம் பிரிவின் கீழ் ஒரு மாநில அரசு தன் மாநிலத்துக்கு மட்டும் அறிவிக்கும் நாள் வேறு. அது தனியார் முதலாளியைத் தானாகக் கட்டுப்படுத்தாது. திடீர் விடுமுறை என்ற செய்தி கைப்பேசியில் பரவும்போது, அதை அறிவித்தது கூட்டரசா மாநிலமா, எந்தப் பிரிவின் கீழ் என்று பார்த்த பிறகே மகிழலாம்.

விடுமுறை உங்கள் ஓய்வு நாளிலேயே வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தொழிலாளர்கள் ஒரு முழு நாளைச் சத்தமில்லாமல் இழப்பது பெரும்பாலும் இங்கேதான். உரிய விடுமுறை ஓய்வு நாளிலோ மற்றொரு பொது விடுமுறையிலோ விழுந்தால், அதற்கு அடுத்து வரும் வேலை நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறையாகிவிடும். 2026இல் இதற்கு அழகான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. வெசாக் தினம் மே 31, ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள். அடுத்த நாளான ஜூன் 1 திங்கள், மாமன்னர் பிறந்தநாள். ஆகவே வெசாக்குக்கு உரிய விடுமுறை ஜூன் 2 செவ்வாய்க்கிழமைக்குப் போகிறது. உங்கள் தாளில் வெசாக் இருப்பதால், நீங்கள் அதைத் தீபாவளிக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், ஞாயிறு, திங்கள், செவ்வாய் என மூன்று நாளும் உங்களுக்கு வேலை இல்லை. செவ்வாயன்று வேலைக்கு அழைத்தால் அது விடுமுறை நாள் வேலை, அதற்குரிய சம்பளம் வேண்டும். மாற்றிக் கேட்பதாக இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்: தீபாவளி 2026இல் நவம்பர் 8, அதுவும் ஞாயிறுதான். எழுத்தில் கேட்கும்போது நவம்பர் 8 என்று எழுதாமல், அடுத்த நாளான நவம்பர் 9 திங்கட்கிழமையைத் தெளிவாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஓய்வு நாளை விடுமுறையாக மாற்றிக்கொண்டு ஏமாந்தவர்கள் உண்டு.

இங்கே இன்னொரு நுணுக்கம். வாரத்தில் 5 நாள் வேலை செய்யும் நண்பர்கள், சனி, ஞாயிறு இரண்டும் ஓய்வு நாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நாள் ஓய்வு கொடுக்கப்பட்டால், அவற்றில் கடைசி நாளே சட்டத்தின்படி ஓய்வு நாள். சனியும் ஞாயிறும் வேலையில்லாதவருக்கு ஞாயிறுதான் ஓய்வு நாள். சனியில் விழும் விடுமுறைக்கு மாற்று நாள் தரவேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்திலோ நிறுவனத்தின் விதிகளிலோ இருந்தால்தான் கிடைக்கும். ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு ஓய்வு நாள் வாரத்தின் எந்த நாளாகவும் இருக்கலாம். அவர்கள் மாதந்தோறும் வரும் ஷிப்டு அட்டவணையைத் தங்கள் 11 நாள் பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆண்டு விடுப்பிலோ மருத்துவ விடுப்பிலோ இருக்கும்போது உரிய விடுமுறை வந்தாலும் அதற்கு மாற்று நாள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

இனி செப்டம்பர் 16, 2025க்கான கணக்கு. அது செவ்வாய்க்கிழமை, மலேசியா தினம், சட்டம் பெயர் சொன்ன ஐந்தில் ஒன்று. விடுமுறை நாளில் வேலைக்கு வரச் சொல்ல முதலாளிக்கு அதிகாரம் உண்டு, ஆகவே உங்களை அழைத்தது தவறல்ல. கொடுத்த பணம்தான் தவறு. விடுமுறை நாளுக்கு உரிய சம்பளத்தோடு கூடுதலாக இரண்டு நாள் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். மாதச் சம்பளக்காரருக்கு விடுமுறை நாள் சம்பளம் மாதச் சம்பளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது; அதனால்தான் சம்பளச் சீட்டில் 'இரண்டு' என்று வரும். தினக்கூலிக்காரருக்கு விடுமுறைக்கு ஒன்று, வேலைக்கு இரண்டு என 'மூன்று' வரும். இரண்டு பேரும் ஒரே உரிமையைப் பெறுகிறார்கள். இது புரியாமல் இரு தரப்பும் சண்டையிடுவதை நிறையவே கண்டிருக்கிறேன்.

ஒரு நாள் சம்பளம் என்பது மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் வருவது. அந்த மாதத்தில் 30 நாளா 31 நாளா என்பது இதில் வராது. 1,700ஐ 26ஆல் வகுத்தால் 65 ரிங்கிட் 38 சென். உங்களுக்குக் கொடுத்திருப்பது சரியாக அந்த ஒரு நாள். கிடைத்திருக்க வேண்டியது இரண்டு நாள், அதாவது 130 ரிங்கிட் 77 சென். நீங்கள் அன்று வழக்கமான ஏழரை மணி நேரத்துக்கு மேல் இரண்டு மணி நேரம் வேலை செய்திருக்கிறீர்கள். விடுமுறை நாளில் வழக்கமான நேரத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் மணிக்கூலியைப் போல மூன்று மடங்கு தர வேண்டும். 65.38ஐ ஏழரையால் வகுத்தால் ஒரு மணிக்கு 8 ரிங்கிட் 72 சென். மூன்று மடங்கு 26 ரிங்கிட் 15 சென். இரண்டு மணிக்கு 52 ரிங்கிட் 31 சென். இரண்டையும் கூட்டினால் 183 ரிங்கிட் 8 சென். பெற்றுக்கொண்ட 65.38 போக, 117 ரிங்கிட் 70 சென் உங்களுக்கு வர வேண்டும். ஒன்பதரை மணி நேரம் என்று நீங்கள் சொல்வதில் சாப்பாட்டு இடைவேளை சேர்ந்திருந்தால் அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். கோரிக்கையில் ஓர் எண் தவறினால் மற்ற எண்களையும் நம்ப மறுப்பார்கள்.

இன்னொரு செய்தி உங்களுக்குச் சாதகமாக இருக்கலாம். 26ஆல் வகுக்கும் தொகை அடிப்படைச் சம்பளம் மட்டும் அல்ல. ஒப்பந்தப்படி செய்யும் வேலைக்காக ரொக்கமாகத் தரப்படும் படிகளும் அதில் சேரும். பயணப்படி, தங்குமிடத்தின் மதிப்பு, ஆண்டு போனஸ் போன்றவை சேராது. உங்கள் ஒப்பந்தத்தில் மாதந்தோறும் நிலையான வேலைப்படி ஏதேனும் இருந்தால், மேலே உள்ள கணக்கு இன்னும் கொஞ்சம் உயரும். மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு 2023 ஜனவரி முதல் இந்தச் சட்டத்தின் 11 விடுமுறைகள் உண்டு. ஆனால் விடுமுறை நாள் வேலைக்கான இரண்டு நாள், மூன்று மடங்கு விதிகள் பொதுவாக அவர்களுக்குப் பொருந்தாது. உங்கள் சம்பளத்துக்கு அந்தக் கவலை இல்லை.

எதிர்ப் பக்கத்தில் உங்கள் கையைக் கட்டக்கூடிய விதியும் ஒன்று உண்டு. விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ முன் அனுமதியின்றி, தக்க காரணமும் இன்றி வராமல் இருந்தால், அந்த விடுமுறை நாளுக்கான சம்பளத்தைக் கேட்க முடியாது. செப்டம்பர் 15 உங்களுக்கு விடுமுறையாக இருந்திருந்தால் 13 சனிக்கிழமைக்கும், வேலை நாளாக இருந்திருந்தால் 15க்கும், அதோடு 17க்கும் உங்கள் வருகைப் பதிவு எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உடல்நிலை சரியில்லாமல் இருந்திருந்தால் மருத்துவர் சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள்.

கேட்க வேண்டிய முறையைச் சொல்கிறேன். முதலில் மேற்பார்வையாளரிடம் போகாமல், மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் இரண்டு விஷயங்களை மட்டும் கேளுங்கள். ஒன்று, நீங்கள் சிலாங்கூரில் வேலை செய்வதால் டிசம்பர் 11 உங்கள் விடுமுறைப் பட்டியலில் சேர வேண்டும், தாளைத் திருத்தித் தர வேண்டும் என்பது. இரண்டு, செப்டம்பர் 16 வேலைக்கான மீதி 117 ரிங்கிட் 70 சென், கணக்கோடு. 60-டி பிரிவு என்று பெயர் குறிப்பிடுங்கள்; சட்டப் பிரிவின் பெயரைக் கண்டதும் பல அலுவலகங்கள் தலைமை அலுவலகத்தைக் கேட்டுத் திருத்திவிடுகின்றன. தீபாவளி மாற்றத்தை இதே கடிதத்தில் கலக்காமல் தனியாகக் கேளுங்கள். முதல் இரண்டும் உரிமை, அது ஓர் ஏற்பாடு. இரண்டையும் ஒன்றாக வைத்தால் உரிமையையும் பேரம் பேசுவார்கள்.

உங்கள் வேலை ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். அதில் 11க்கு மேல் விடுமுறை எழுதியிருந்தால், அல்லது தொழிற்சங்கத்தோடு நிறுவனம் செய்த கூட்டு ஒப்பந்தம் அப்படிச் சொன்னால், அந்தக் கூடுதல் உங்களுடையது. 11க்குக் குறைவாகவோ, இரண்டு நாள் சம்பளத்துக்குப் பதில் ஒரு நாள் என்றோ எழுதியிருந்தால், நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. சட்டம் சொல்வதே நிற்கும். வேலைக்கு எடுத்த ஏஜென்டு ஊரில் கொடுத்த தாளில் என்ன இருந்தது என்பதும் இதை மாற்றாது.

நியாயமான காலத்துக்குள், மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பதில் வராவிட்டால் உங்கள் தொழிற்சாலை அமைந்துள்ள பகுதிக்கான தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள்; மலாயில் ஜபாத்தான் தெனாகா கெர்ஜா என்று கேட்டால் வழி சொல்வார்கள். சம்பள பாக்கி பற்றிய புகாரை விசாரித்து உத்தரவிடும் அதிகாரம் அந்தத் துறைக்கு 69ஆம் பிரிவின் கீழ் இருக்கிறது. வழக்கறிஞர் வைத்துத்தான் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை கேன்டீன் தாளின் படம், செப்டம்பர் மாதச் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு அல்லது அன்றைய ஷிப்டு அட்டவணையின் படம், ஒப்பந்தத்தின் நகல், பாஸ்போர்ட் மற்றும் பெர்மிட்டின் நகல், மனிதவளப் பிரிவுக்கு எழுதியதும் அவர்கள் சொன்ன பதிலும். வருகைப் பதிவு உங்களிடம் இல்லை என்று தயங்க வேண்டாம். தொழிலாளர் பதிவேடுகளை முதலாளி 6 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், அவற்றைக் கேட்டுப் பார்க்கும் அதிகாரம் துறைக்கு உண்டு. பாஸ்போர்ட் நிறுவனத்தின் கையில் இருப்பதால் போக முடியவில்லை என்று சிலர் எனக்கு எழுதுகிறார்கள். நகல் இருந்தாலே புகாரைத் தொடங்கலாம், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பதையும் அங்கேயே சொல்லுங்கள்.

புகாருக்குப் போகும்முன், சென்ற ஆண்டின் மற்ற நான்கு நாட்களுக்கான சம்பளச் சீட்டுகளையும் இதே கணக்கில் சரிபாருங்கள். மே 1, ஜூன் 2 அன்று வந்த மாமன்னர் பிறந்தநாள், தேசிய தினம், டிசம்பர் 11 ஆகிய நாட்கள் அவை. தேசிய தினமான ஆகஸ்டு 31, 2025இல் ஞாயிற்றுக்கிழமையாக இருந்ததால், உங்கள் விடுமுறை செப்டம்பர் 1 திங்கட்கிழமைக்கு வந்திருக்க வேண்டும். அன்று நீங்கள் சாதாரண நாள் போல வேலை செய்திருந்தால் அதற்கும் இரண்டு நாள் சம்பளம் பாக்கி இருக்கிறது. சென்ற ஆண்டுத் தாளிலும் சுல்தான் பிறந்தநாள் விடப்பட்டிருந்தால், வியாழக்கிழமையாக வந்த அந்த டிசம்பர் 11க்கும் அதே கணக்குதான். செப்டம்பர் 15க்கு மாற்று நாள் எதுவும் தரப்பட்டதா என்பதையும் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் தேதி வாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கிடைத்த தொகை, கிடைத்திருக்க வேண்டிய தொகை என இரண்டு பத்தியாக இட்டு, அந்தத் தாளை முதலில் மனிதவளப் பிரிவுக்கு அனுப்புங்கள். ஒரே தவறான தாளை வைத்துச் சம்பளம் போடப்பட்டிருக்கும் உங்கள் உடன் வேலை செய்பவர்களிடமும் இதைக் காட்டுங்கள்; டிசம்பர் 11 உங்களுக்கு உரியதென்றால் அதே தொழிற்சாலையில் நிற்கும் அவர்களுக்கும் உரியது.